வரிச் சீர்திருத்தத்திலிருந்து கில்லட்டின் வரை

1786 ஆகஸ்டில் பிரான்சின் நிதி அமைச்சர் கலோன், மன்னர் பதினாறாம் லூயியிடம் ஓர் உண்மையைச் சொன்னார். அரசின் கஜானா காலியாகிவிட்டது. பழைய வழிகளில் இனி அதை நிரப்பவும் முடியாது. இங்கிலாந்தைப் பழிவாங்கும் ஆசையில் அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரான்ஸ் அள்ளிக் கொடுத்திருந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடன். 1788ஆம் ஆண்டுக் கணக்குப்படி அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி, பழைய கடன்களை அடைப்பதற்கே போயிற்று. நாட்டின் நிலங்களில் கணிசமான பங்கை வைத்திருந்த பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்கு இருந்ததால், வரிச்சுமை குடியானவர்களின் தலையிலேயே விழுந்தது.

விலக்கு எதுவும் இல்லாத பொது நிலவரி ஒன்றைக் கலோன் முன்வைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின் முதல் சீர்திருத்த யோசனை இப்படி அரசனின் அமைச்சரிடமிருந்தே வந்தது. அதைத் தடுத்தவர்கள் பிரபுக்கள். புது வரி போடும் அதிகாரம் 'எஸ்டேட்ஸ் ஜெனரல்' என்ற மன்றத்துக்கு மட்டுமே உண்டு என்று அவர்களும் உயர் நீதிமன்றங்களும் வாதிட்டார்கள். அந்த மன்றம் கடைசியாகக் கூடியது 1614இல். கூட்டினாலும் பழைய முறைப்படி திருச்சபைக்கு ஒரு வாக்கு, பிரபுக்களுக்கு ஒரு வாக்கு, மற்ற எல்லோருக்கும் ஒரு வாக்கு என்றுதானே இருக்கும், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கள் சலுகைகள் தப்பிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு 1789 மே 5 அன்று வெர்சாய் நகரில் மன்றம் கூடியதுமே ஆட்டம் கண்டது. மூன்றாம் வகுப்பின் பிரதிநிதிகள், பெரும்பாலும் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும், தலைக்கு ஒரு வாக்கு வேண்டும் என்று அடம்பிடித்தனர். ஜூன் 17 அன்று தங்களையே 'தேசிய சபை' என்று அறிவித்துக்கொண்டனர். மன்னர் பாரிஸைச் சுற்றிப் படைகளைக் குவித்தபோது, ஜூலை 14 அன்று மக்கள் வெடிமருந்து தேடி பாஸ்டில் கோட்டைக்குள் புகுந்தனர். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். ஆனாலும் அன்றுமுதல் மன்னரின் படைபலத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை உச்சத்தில் இருந்த கோடை அது. கிராமங்களில் குடியானவர்கள் பிரபுக்களின் மாளிகைகளைத் தாக்கிக் குத்தகைப் பத்திரங்களை எரித்தார்கள். அதைக் கேட்டு மிரண்ட சபை, ஆகஸ்ட் 4 இரவு ஒரே அமர்வில் நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழித்தது. ஆகஸ்ட் 26 அன்று மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது.

இதுவரை நடந்ததில் பயங்கரத்துக்கான அறிகுறி குறைவு. குடியரசு வேண்டும் என்று கேட்டவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சபை உருவாக்க விரும்பியது சட்டத்துக்குட்பட்ட மன்னராட்சி. அதிலும் மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டும் ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. ஐந்தே ஆண்டுகளில் அந்த நாடு கில்லட்டினில் ஆயிரக்கணக்கில் தலைகளை உருட்டியது ஏன் என்ற கேள்விக்கு, புரட்சியின் கொள்கைகளிலேயே வன்முறை புதைந்திருந்தது என்று சிலர் விடை சொல்வதுண்டு. நிகழ்ச்சிகளை வரிசையாகப் பார்த்தால் அந்த விடை நிறைவளிப்பதில்லை. அந்தந்த நேரத்து நெருக்கடிக்கு அவசரமாகச் செய்த சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்த பிறகு அவற்றைக் கைவிடத் துணிந்தவர் யாருமில்லை.

முதல் பிளவு திருச்சபையை ஒட்டி வந்தது. கடனை அடைக்க வழி தேடிய சபை, 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அந்த நிலங்களை ஈடாக வைத்து 'அசிக்னா' என்ற காகிதப் பணத்தை வெளியிட்டது. நிலத்தை எடுத்துக்கொண்டதால் குருமாருக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது. சம்பளம் கொடுப்பவர்கள் விதி வகுப்பது இயல்புதானே என்று சபையினர் நினைத்தனர். 1790 ஜூலைச் சட்டப்படி ஆயர்களையும் பங்குக் குருக்களையும் ஊர் வாக்காளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். போப்பின் ஒப்புதல் தேவையில்லை. ஆண்டு இறுதியில், இந்த ஏற்பாட்டுக்கு ஒவ்வொரு குருவும் சத்தியம் செய்ய வேண்டும் என்ற கட்டளையும் வந்தது.

பங்குக் குருக்களில் பாதிப் பேர்தான் சத்தியம் செய்தார்கள். ஆயர்களில் சம்மதித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மேற்குப் பகுதியின் கிராமங்களில் மறுத்தவர்களே மிகுதி. தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த, தன் தகப்பனைப் புதைத்த குருவை அரசு விரட்டுவதைக் கண்ட குடியானவருக்குப் புரட்சி முதன்முறையாகப் பகையாகத் தெரிந்தது. அதுவரை அதிருப்தி பிரபுக்களிடம் மட்டுமே இருந்தது. இனி ஊர்கள் முழுவதும் அந்தப் பக்கம் போயின. சத்தியம் மறுக்கப்பட்ட பகுதிகளின் வரைபடத்தையும் பின்னர் ஆயுதக் கிளர்ச்சி வெடித்த வாந்தே முதலிய மேற்குப் பகுதிகளின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தால், இரண்டும் பெருமளவு ஒத்துப்போகும்.

மன்னரும் இந்த ஏற்பாட்டை மனதார ஏற்கவில்லை. 1791 ஜூன் 20 இரவு குடும்பத்துடன் மாறுவேடத்தில் தப்பினார். மறுநாள் எல்லைப்பக்கம் வரேன் என்ற சிற்றூரில் அகப்பட்டுக்கொண்டார். புரட்சியில் தமக்குப் பிடிக்காதவற்றையெல்லாம் பட்டியலிட்டுக் கைப்பட எழுதிய அறிக்கை ஒன்றை அரண்மனையில் விட்டுச் சென்றிருந்தார். அப்படியிருந்தும் மன்னர் 'கடத்தப்பட்டார்' என்று சபை சாதித்தது. மன்னர் இல்லாமல் அவர்கள் எழுதிய அரசியல் சாசனம் நிற்காது என்பதே காரணம். தலைவனை நம்பாமலேயே அவன் பெயரில் ஆட்சி நடத்தும் நிலை ஓராண்டு நீடித்தது.

1792 ஏப்ரல் 20 அன்று ஆஸ்திரியாமீது பிரான்ஸ் போர் அறிவித்தது. ஒருவருக்கொருவர் எதிரான காரணங்களுக்காக எல்லோருமே அந்தப் போரை விரும்பியதுதான் விந்தை. போர் மன்னரின் உண்மை முகத்தை வெளிக்கொண்டுவரும் என்று பிரிசோவும் அவருடைய ஜிரோந்தின் அணியினரும் நம்பினர். பிரான்ஸ் தோற்றால் தம் அதிகாரம் மீளும் என்று மன்னர் நம்பினார். எதிர்த்த சிலரில் முக்கியமானவர் ரோபஸ்பியர். ஆயுதம் ஏந்தி வருகிற போதகர்களை எந்த நாட்டு மக்களும் விரும்பமாட்டார்கள் என்று ஜேக்கபின் கழகத்தில் எச்சரித்தார். பின்னாளில் பயங்கர ஆட்சியின் முகமாக நினைக்கப்படுபவர் சொன்ன எச்சரிக்கை அது.

போர் தோல்வியில் தொடங்கியது. பாரிஸில் மன்னருக்குத் தீங்கு நேர்ந்தால் நகரமே அழிக்கப்படும் என்று பிரஷ்யத் தளபதி பிரன்ஸ்விக் ஓர் அறிக்கை விட்டார். மன்னரைக் காக்க எழுதிய அந்த அறிக்கையே அவரைக் கவிழ்த்தது. ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் மக்களும் தேசியக் காவற்படையினரும் அரண்மனையைத் தாக்கினர், மன்னராட்சி முடிந்தது. எதிரிப்படை நெருங்கும் செய்தி வந்த செப்டம்பர் முதல் வாரத்தில், சிறைகளில் இருக்கும் துரோகிகள் உள்ளிருந்து எழுவார்கள் என்ற வதந்தி பரவியது. கும்பல்கள் பாரிஸின் சிறைகளுக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. இறந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குற்றங்களுக்காக அடைக்கப்பட்டவர்கள். அடுத்த ஆண்டுச் சட்டங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கொலைகளை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

செப்டம்பர் இறுதியில் வால்மியில் பிரஷ்யப் படை தடுத்து நிறுத்தப்பட்டது. புதிய தேசிய மாநாடு குடியரசை அறிவித்தது. 1793 ஜனவரி 21 அன்று லூயி கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அவரைத் தொடர்ந்து இங்கிலாந்து, ஹாலந்து, ஸ்பெயின் ஆகியவை எதிரிகளாயின. படைக்கு மூன்று லட்சம் ஆட்களைத் திரட்ட உத்தரவு போனதும் மேற்கே வாந்தே பகுதி கிளர்ந்தது. வடக்கே படைத்தலைவர் துமூரியே எதிரியிடம் ஓடிப்போனார். அசிக்னாவின் மதிப்பு சரிந்தது. பயங்கர ஆட்சியின் முக்கியக் கருவிகள் பல இந்த ஒரு வசந்த காலத்தில், நான்கே வாரங்களுக்குள் உருவானவை.

மார்ச் 10 அன்று புரட்சித் தீர்ப்பாயம் அமைந்தது. அதற்காக மாநாட்டில் முழங்கியவர் டான்டன். செப்டம்பரில் மக்கள் தாமாகவே கொன்றார்கள். அரசே கடுமையாக இருந்தால் மக்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். மேல்முறையீடு இல்லாத நீதிமன்றத்தை அவர் கேட்டது கொலைவெறியைத் தடுப்பதற்காகத்தான். மார்ச் 19 அன்று, ஆயுதத்துடன் பிடிபட்ட கிளர்ச்சிக்காரர் 'சட்டத்துக்குப் புறம்பானவர்'. ஆளை அடையாளம் காட்டினால் போதும், 24 மணி நேரத்துக்குள் மரண தண்டனை என்று விதி வந்தது. ஏப்ரல் 1 அன்று மாநாட்டு உறுப்பினர்களுக்கு இருந்த கைதுப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. ஜிரோந்தின் அணி உடனே அதைப் பயன்படுத்தி மாரட்டைத் தீர்ப்பாயத்தில் நிறுத்தியது. மாரட் விடுதலையானார். ஏப்ரல் 6 அன்று பொதுப் பாதுகாப்புக் குழு பிறந்தது.

இவற்றைச் செய்தவர்களே முதலில் இவற்றில் சிக்கினார்கள். ஜூன் 2 அன்று ஆயுதம் ஏந்திய பாரிஸ் கூட்டம் மாநாட்டைச் சூழ்ந்துகொண்டபோது, பாதுகாப்பு இழந்த ஜிரோந்தின் தலைவர்களே கைதானார்கள். அக்டோபர் இறுதியில் கொல்லப்பட்டார்கள். அவர்களின் வழக்கு இழுத்துக்கொண்டே போனதால், மூன்று நாள் விசாரணைக்குப் பிறகு நடுவர்கள் 'மனம் தெளிந்துவிட்டது' என்று சொன்னால் விசாரணையை முடித்துவிடலாம் என்று ஒரு சட்டம் அவசரமாக நிறைவேறியது. செப்டம்பர் 17இன் சந்தேகத்துக்குரியோர் சட்டமோ, பேச்சாலோ எழுத்தாலோ பழக்கத்தாலோ விடுதலைக்கு எதிரி என்று தெரிகிற எவரையும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவே சிறையில் வைக்க வழிவிட்டது. அதே மாத இறுதியில் உணவு, விறகு, துணி போன்றவற்றுக்கு விலை உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

இந்த ஆட்சி பலன் தரவில்லை என்று சொல்லிவிட முடியாது. சிக்கலே அங்குதான் இருக்கிறது. 1793 ஆகஸ்டில் முகமதிப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்த அசிக்னா, ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழப் பாதியை எட்டியது. கட்டாயப் படைத்திரட்டலும் கார்னோவின் நிர்வாகத் திறனும் சேர்ந்து எதிரிப் படைகளை எல்லையிலிருந்து தள்ளின. லியோன் நகரம் மீட்கப்பட்டது. வாந்தே கிளர்ச்சியின் முதுகெலும்பு முறிந்தது. ஆனால் மீட்ட ஊர்களில்தான் மிகக் கொடிய கொலைகள் நடந்தன. நான்த் நகரில் மாநாட்டின் தூதர் காரியேயின் ஆட்சியில் கைதிகளைப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். நெருக்கடி தணிந்தபின் சட்டங்களும் தளர்ந்திருக்க வேண்டும். அதைக் கேட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு டான்டனின் வழக்கே சான்று.

1793 குளிர்காலத்தில் டான்டனின் நண்பர் கமீல் தெமூலேன் தம் பத்திரிகையில் கருணைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்லி எழுதினார். டான்டனும் அந்தப் பக்கம் சாய்ந்தார். 1794 மார்ச் இறுதியில் ஒரு நள்ளிரவில் இருவரும் கைதானார்கள். மாநாட்டில் தன் தரப்பைச் சொல்ல டான்டனுக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது, தனிமனிதருக்குச் சலுகை கிடையாது என்று ரோபஸ்பியர் வாயை அடைத்தார். கைதுப் பாதுகாப்புதான் ஓராண்டுக்கு முன்பே போய்விட்டதே. ஏப்ரல் 2 அன்று விசாரணை தொடங்கியது. கிழக்கிந்திய கம்பெனியைக் கலைத்ததில் பணம் சுருட்டிய உறுப்பினர்களையும் அதே கூண்டில் நிறுத்தி, அரசியல் வழக்குக்கு ஊழல் சாயம் பூசினார்கள். டான்டனின் குரல் நீதிமன்றத்துக்கு வெளியே தெருவரை கேட்டதாகச் சொல்வார்கள். மாநாட்டு உறுப்பினர்களையே சாட்சிகளாக அழைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும் அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே-தேன்வீல் திணறிப்போய்ப் பொதுப் பாதுகாப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். சான்-ஜூஸ்ட் அந்தக் கடிதத்தை மாநாட்டுக்கு எடுத்துச் சென்று, கைதிகள் கலகம் செய்கிறார்கள், சிறைகளில் சதி நடக்கிறது என்றார். நீதியை அவமதிக்கும் கைதியை விசாரணையிலிருந்தே விலக்கலாம் என்ற ஆணை அன்றே பிறந்தது. நான்காம் நாள், ஜிரோந்தினருக்காகச் செய்த மூன்று நாள் சட்டப்படி நடுவர்கள் மனம் தெளிந்ததாக அறிவித்தார்கள். ஏப்ரல் 5 மாலை டான்டன் கொல்லப்பட்டார். அவரைத் தண்டித்தது அவர் கேட்டு வாங்கிய தீர்ப்பாயம்.

ஜூன் 10இன் சட்டம் மிச்சமிருந்த விசாரணை முறையையும் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. சாட்சியும் கட்டாயமில்லை, நடுவரின் மனச்சான்று போதும். விடுதலை அல்லது மரணம், மூன்றாவது தீர்ப்பு இல்லை. முந்தைய பதினைந்து மாதங்களில் பாரிஸில் கொல்லப்பட்டவர்களைவிட அடுத்த ஏழு வாரங்களில் கொல்லப்பட்டவர்கள் அதிகம். இத்தனைக்கும் ஜூன் 26 அன்று ஃபிளரூஸ் போரில் பிரெஞ்சுப்படை வென்றதால், படையெடுப்பு அபாயம் என்ற காரணமும் போய்விட்டது. அடுத்து யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்ற அச்சமே மாநாட்டினரை ஒன்றுசேர்த்தது. ஜூலை 27 அன்று ரோபஸ்பியரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தார்கள். விசாரணை தேவையில்லை, மறுநாள் ஆளை அடையாளம் மட்டும் பார்த்துக் கொன்றார்கள். அதுவும் 1793 மார்ச்சில் செய்த ஏற்பாடுதான்.

நாடு முழுவதும் முறையான தீர்ப்பின்பேரில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 17,000 பேர். தீர்ப்பில்லாமல் கொல்லப்பட்டவர்களையும் சிறையில் மடிந்தவர்களையும் சேர்த்தால் 40,000 அளவுக்கு வரும். வாந்தே போரின் சாவுகள் தனி. தண்டனை பெற்றவர்களில் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோர் தொழிலாளிகள், குடியானவர்கள், நடுத்தர வகுப்பினர். பாரிஸ் சதுக்கத்தில் பிரபுக்களின் தலை உருளும் சித்திரம் மனத்தில் பதிந்துவிட்டாலும், பெரும்பான்மைச் சாவுகள் கிளர்ச்சி நடந்த மேற்கிலும் தென்கிழக்கிலும்தான்.

ரோபஸ்பியர் விழுந்த பிறகு பயங்கர ஆட்சி கலைந்தது, போர் நிற்கவில்லை. ஐரோப்பாவைப் புரட்சி மாற்றியது பெரும்பாலும் அந்தப் போரின் வழியாகத்தான். கைப்பற்றும் நாடுகளில் நிலப்பிரபுத்துவ வரிகளையும் சலுகைகளையும் ஒழிக்கும்படி 1792 டிசம்பரிலேயே மாநாடு தன் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டிருந்தது. படைக்கான செலவை அந்தந்த நாட்டினரே ஏற்க வேண்டும் என்பதும் அந்த ஆணையின் பகுதி. விடுதலையும் வசூலும் ஒரே வண்டியில் வந்தன. பெல்ஜியத்திலும் ரைன் நதிக்கரையிலும் தானியமும் குதிரைகளும் தேவாலய வெள்ளியும் பறிபோனபோது, ஆயுதம் ஏந்திய போதகர்களைப் பற்றிய எச்சரிக்கை பலித்தது.

1795இல் பிரெஞ்சுப்படை ஹாலந்துக்குள் நுழைந்ததும் அங்கே பத்தாவியக் குடியரசு உருவானது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய டச்சு ஆட்சித் தலைவர், கியூ அரண்மனையில் இருந்தபடி, டச்சுக் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதங்கள் எழுதினார். அந்தக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலேயர் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் அதே ஆண்டிலும், கொழும்பை 1796 பிப்ரவரியிலும் கைப்பற்றினர். இலங்கையின் கரையோரம் டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது பாரிஸில் தொடங்கிய புயலின் ஓர் அலை. புதுச்சேரியும் 1793 ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் வசமாகியிருந்தது.

இத்தாலியில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வெனிஸ் குடியரசு 1797இல் மறைந்தது. யூதர்களுக்குப் பிரான்ஸ் 1791இல் முழுக் குடியுரிமை வழங்கியிருந்தது. பிரெஞ்சுப் படைகள் சென்ற ஊர்களில் அவர்களை அடைத்து வைத்திருந்த தனிக் குடியிருப்புகளின் கதவுகள் திறந்தன. 1799இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய நெப்போலியன், புரட்சியின் அரசியல் உரிமைகளை ஒடுக்கினாலும், சட்டத்தின் முன் சமத்துவம், சிவில் திருமணம், சொத்தில் பிள்ளைகளின் சமபங்கு போன்றவற்றை 1804இன் உரிமையியல் சட்டத் தொகுப்பில் எழுதிவைத்தார். அதே தொகுப்பு மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படியச் சொன்னது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புரட்சி தந்த விவாகரத்து உரிமையில் பெண்ணின் பங்கை அது வெட்டிச் சுருக்கியது. ஜெர்மனியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளும் நகரங்களும் ஆயர் ஆட்சிகளும் பெரிய அரசுகளில் கரைந்தன. 1806இல் புனித ரோமானியப் பேரரசு முடிவுக்கு வந்தது.

பிரான்ஸை எதிர்த்தவர்களும் மாறாமல் இருக்க முடியவில்லை. யேனாப் போரில் நொறுங்கிய பிரஷ்யா, 1807இல் பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணையை வெளியிட்டது. சம்பளத்துக்கும் சாட்டைக்கும் பயந்து போரிடும் சிப்பாயைவிட நாட்டுக்காகப் போரிடும் குடிமகன் வலியவன் என்பதைத் தோல்வி கற்றுக்கொடுத்திருந்தது. இங்கிலாந்தில் நடந்தது நேரெதிர். வாக்குரிமை கேட்ட கழகங்களைப் பிரெஞ்சுச் சதி என்று கருதிய அரசு, விசாரணையின்றிச் சிறைவைப்பதைத் தடுக்கும் பழைய சட்டத்தையே 1794இல் நிறுத்திவைத்தது. பாராளுமன்றச் சீர்திருத்தம் 1832 வரை தள்ளிப்போனதில் பயங்கர ஆட்சியைக் காட்டிப் பயமுறுத்தியதற்கும் பங்குண்டு.

1814-15இல் வியன்னாவில் கூடிய அரசர்கள் எல்லைகளைத் திருத்தினர். பழைய அரச வம்சங்கள் பலவற்றை மீண்டும் அமர்த்தினர். ரோமில் யூதர்கள் மறுபடியும் தனிக் குடியிருப்புக்குள் தள்ளப்பட்டார்கள். ஆனால் பிரான்சில் அரியணை ஏறிய பதினெட்டாம் லூயியின் சாசனமே சட்டத்தின் முன் சமத்துவத்தை ஏற்றது. திருச்சபை நிலங்களை வாங்கியவர்களின் உரிமையைத் தொடமாட்டோம் என்றும் உறுதியளித்தது. பிரஷ்யாவிடம் போன ரைன் பகுதி மக்கள் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். இடதுகரையில் அது ஜெர்மனியின் பொதுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த 1900 ஜனவரி 1 வரை நீடித்தது.